பஃப் பேனல் கூரைக்கு விலை கேட்கும் மெயிலில் என்னென்ன எழுத வேண்டும்?

கேள்வி: ஏற்காட்டில் ஆறு அறை உள்ள சின்ன கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறேன். பழைய சிமென்ட் ஷீட்டை எடுத்துவிட்டு, இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஃபோம் வைத்த பஃப் பேனல் போடலாம் என்று இருக்கிறேன். கூரை 18 மீட்டர் நீளம், இரண்டு பக்கச் சரிவு, ஒவ்வொரு சரிவும் 4.8 மீட்டர். இதில் 12 மீட்டருக்கு அடியில் ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமாக இரும்பு பர்லின், மீதி 6 மீட்டர் பழைய மரச்சட்டம். நாலு சப்ளையருக்கு "பஃப் பேனல் என்ன ரேட், ஃபிட்டிங் சாமானோடு சொல்லுங்கள்" என்று மெயில் போட்டேன். வந்த விலைகளை ஒப்பிடவே முடியவில்லை. எப்படி எழுதிக் கேட்பது?

பதில்:

அந்த நாலு பேரும் நாலு விதமான கூரைக்கு விலை சொல்லியிருப்பார்கள். மெயிலில் நீங்கள் எழுதாமல் விட்ட இடங்களை ஒவ்வொருவரும் தன் வசதிப்படி நிரப்பிக்கொள்வார், பெரும்பாலும் மலிவான பொருளைக் கொண்டு. ஒருவர் 30 மி.மீ. பேனலை மனதில் வைத்திருப்பார், இன்னொருவர் 50. ஒருவருக்கு "ஃபிட்டிங் சாமான்" என்றால் ஸ்க்ரூ மட்டும். இன்னொருவர் முகட்டு மூடி, ஓரத் தகடு, டேப் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியிருப்பார். கடைசியில் ஸ்க்ரூ மட்டும் கொடுத்தவர்தான் மலிவாகத் தெரிவார். அதனால் எந்தக் கூரை வேண்டும் என்பதை நீங்களே முதலில் முடிவு செய்து, அதே மெயிலை எழுத்து மாறாமல் எல்லோருக்கும் அனுப்புங்கள்.

முதலில் அளவு. சதுர அடி ரேட் கேட்டால் எந்தச் சதுர அடி என்ற குழப்பம் வரும். கூரைப் பேனலுக்கு இரண்டு அகலம் உண்டு. பக்கத்துப் பேனல் மேல் ஏறி உட்காரும் மேட்டையும் சேர்த்தால் மொத்த அகலம். அதைக் கழித்தால் கூரையை உண்மையில் மூடும் அகலம். மூடும் அகலம் பொதுவாக 1,000 மி.மீ. இருக்கும். உங்கள் கூரைக்கு ஒரு சரிவில் 18 பேனல், இரண்டு சரிவுக்கு 36. ஒவ்வொன்றும் 4.8 மீட்டர் என்றால் 172.8 சதுர மீட்டர், அதாவது 1,860 சதுர அடி. மொத்த அகலம் 1,060 மி.மீ. உள்ள பேனலை அந்தக் கணக்கில் பில் போட்டால் அதே 36 பேனல் 1,972 சதுர அடி ஆகிவிடும். சதுர அடி ரேட் குறைவாகச் சொன்னவர் இந்த 112 சதுர அடியில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எனவே "மூடும் அகலத்தில் கணக்கிட்டு விலை தரவும்" என்று எழுதுங்கள். அதைவிட நல்லது, 4.8 மீட்டர் பேனல் 36 எண்ணிக்கை என்று கேட்டு, ஒரு பேனலின் விலையையும் தனியாகச் சொல்லச் சொல்வது. எண்ணிக்கையில் யாரும் விளையாட முடியாது.

அந்த 4.8 மீட்டரை எப்படி அளந்தீர்கள் என்று தெரியவில்லை. முகட்டிலிருந்து சரிவோடு டேப்பைப் பிடித்து, சுவரைத் தாண்டித் தண்ணீர் விழ வேண்டிய இடம் வரை அளக்க வேண்டும். இப்போதுள்ள ஷீட்டின் நீளத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் சரிப்படாது, ஏனென்றால் பழைய ஷீட்டை இரண்டு துண்டாக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் போட்டிருப்பார்கள். கூடவே இரண்டு சரிவிலும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். 18க்கு 4.8 என்ற செவ்வகத்தில் இரண்டு மூலைவிட்டமும் 18.63 மீட்டர் வர வேண்டும். ஒன்று சில சென்டிமீட்டர் நீண்டு இன்னொன்று குறைந்தால் கட்டடம் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். சிமென்ட் ஷீட்டில் அதை இழுத்துத் தள்ளிச் சமாளித்திருப்பார்கள். பேனல் விறைப்பானது, பக்கத்துப் பேனலோடு நேராகப் பொருந்தினால்தான் உட்காரும். கோணல் இருந்தால் அந்த அளவை மெயிலிலேயே சொல்லிவிடுங்கள். ஓரத் தகட்டின் அகலத்தைக் கூட்டி மறைத்துவிடலாம், ஆனால் அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. பர்லின்களின் மேல் ஒரு நூலைக் கட்டி இழுத்துப் பாருங்கள். இரும்புப் பகுதி அநேகமாகச் சரியாக இருக்கும். மரப்பகுதி நடுவில் தொய்ந்திருந்தால் பேனல் அங்கே ஆதாரமில்லாமல் நிற்கும். ஸ்க்ரூவை முறுக்கி இறக்கினால் பேனல்தான் நசுங்கும், மரம் மேலே வராது. தொய்வுக்குப் பட்டியல் கட்டை வைத்து மட்டம் செய்வது விலை கேட்பதற்கு முன்னால் உள்ளூர்த் தச்சரை வைத்து முடிக்க வேண்டிய வேலை. சட்டம் உளுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்க்ரூ பிடிக்காத மரத்தின் மேல் எந்த பேனலும் நிற்காது.

அடுத்து பேனல். "இன்சுலேட்டட் பேனல்" என்று மட்டும் எழுதினால் நடுவில் தெர்மாகோல் வைத்ததைக்கூட விலை சொல்லலாம், அதுவும் இன்சுலேட்டட்தான். நடுவில் பாலியூரித்தேன் ஃபோம், அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோ என்று எழுதுங்கள். தடிமன் 50 மி.மீ. போதும் என்பது என் கருத்து. வெப்பத்தை மட்டும் பார்த்தால், வெறும் ஷீட்டோடு ஒப்பிடும்போது 30 மி.மீ. பேனலே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆனால் ஏற்காட்டில் மார்கழி, தை இரவுகளில் அறைக்குள் இருக்கும் சூடு வெளியே போகாமலும் இருக்க வேண்டும், கூரை மேல் ஆள் ஏறிச் சுத்தம் செய்யவும் வேண்டியிருக்கும். அதற்கு 50 நல்ல அளவு. 80க்குப் போவது குளிர்பதன அறைக்குச் சரி, உங்களுக்குத் தேவையில்லை. தடிமனை எங்கே அளப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: மேடு தவிர்த்து, பள்ளப் பகுதியில் 50 மி.மீ. மேட்டையும் சேர்த்து அளந்து பெரிய எண்ணாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

தகடு பற்றி மெயிலில் ஒரே ஒரு வரிதான் வரும், ஆனால் விலை வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 0.50 மி.மீ. தகடு என்றால் வெறும் இரும்பு 0.50 ஆக இருக்கலாம், உலோகப் பூச்சும் பெயின்ட்டும் சேர்ந்து 0.50 ஆகவும் இருக்கலாம். இரண்டாவது வகையில் உள்ளே இருக்கும் இரும்பு சுமார் 0.42 அல்லது 0.43 தான். சந்தையில் பூச்சோடு சேர்த்துச் சொல்வதே வழக்கம், அதில் தவறு எதுவும் இல்லை. எல்லோரும் ஒரே முறையில் சொன்னால் போதும். எனவே "மேல் தகடு பூச்சு சேர்த்து மொத்தம் 0.50 மி.மீ., கீழ்த் தகடு 0.40 மி.மீ., வெறும் இரும்பின் தடிமனையும் குறிப்பிடவும்" என்று கேளுங்கள். கீழ்த் தகட்டில் மழையும் படாது, காலும் படாது, அதைக் கொஞ்சம் மெலிதாக்கலாம். மேல் தகட்டில் குறைக்க வேண்டாம். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் கிளை முறிந்து விழுவதும் குரங்குகள் கூட்டமாக ஓடுவதும் உங்கள் ஊரில் தினசரி சங்கதி.

உலோகப் பூச்சுக்கு கால்வால்யூம், ஏஇசட் 150 என்று கேளுங்கள். அந்த 150 என்பது ஒரு சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. பாதி நாள் பனி மூட்டத்தில் நனைந்தே கிடக்கும் கூரைக்கு இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நிறத்தில் மேல்புறம் வெளிர் நிறமாக இருந்தால் வெயில் குறைவாக ஏறும். செங்கல் சிவப்புதான் மலைக்கு அழகு என்று பலர் கேட்பார்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் சப்ளையரிடம் அந்த நிறச் சுருள் கையிருப்பில் இல்லாவிட்டால் சின்ன ஆர்டருக்காகத் தருவிக்க மாட்டார், வாரக்கணக்கில் காத்திருக்க வைப்பார். அதனால் கையிருப்பில் உள்ள நிறங்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

சமையலறையும் இதே கூரைக்குக் கீழே வருகிறதா? வந்தால் அந்தப் பக்கத்துப் பேனல்களுக்கு மட்டும் பிஐஆர் ஃபோம் போட்டால் என்ன விலை என்று மாற்று விலையாகக் கேட்டுவையுங்கள். சாதாரண பஃப் நெருப்பில் எரியும், பிஐஆர் அதைவிடத் தாங்கும். புகைபோக்கிக் குழாய் கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் இரண்டுமே ஆகாது. குழாயைச் சுற்றி ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு எரியாத ராக்வூல் வைத்து அடைக்க வேண்டும்.

இப்போது ஃபிட்டிங். கூரை ஒழுகினால் பத்துக்கு ஒன்பது முறை ஸ்க்ரூவிலோ ஓரத்திலோ ஒழுகும், பேனலின் நடுவில் ஒழுகாது. ஆனாலும் விலைப்பட்டியலில் அதிகம் மழுப்பப்படும் வரி "ஸ்க்ரூ மற்றும் துணைப்பொருட்கள்: மொத்தமாக" என்பதுதான்.

ஸ்க்ரூவைப் பேனலின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகிவிடும். மேட்டில் அடிக்கும்போது ஸ்க்ரூ கடக்க வேண்டிய தூரம் கூடும். 50 மி.மீ. பேனலோடு மேட்டின் உயரம் ஏறக்குறைய 35 மி.மீ. சேர்த்தால் 85. அதற்கு மேல் வாஷர், பர்லின் சுவர், அதைத் துளைத்து வெளியே வர வேண்டிய முனை எல்லாம் சேர்ந்தால் சுமார் 110 மி.மீ. ஸ்க்ரூ தேவைப்படும். மேட்டின் உயரம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், அதனால் நீளத்தை நீங்கள் எழுதாதீர்கள். "உங்கள் பேனலுக்கு ஏற்ற நீளத்தைக் கணக்கிட்டு விலைப்பட்டியலில் குறிப்பிடவும்" என்று விடுங்கள். பதிலில் 75 மி.மீ. ஸ்க்ரூ என்று வந்தால் அவர் பள்ளத்தில் அடிக்கப் போகிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

உங்கள் கூரையில் இரண்டு வகை ஸ்க்ரூ தேவை என்பதை எந்த சப்ளையரும் தானாக ஊகிக்க மாட்டார். இரும்பு பர்லினுக்கு டிரில் முனை உள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. அந்த முனை பர்லினின் தடிமனைத் துளைக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதால் பர்லின் சுவர் எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதுங்கள். கீழே உள்ள மாதிரியில் 50க்கு 50 சதுரக் குழாய், 2 மி.மீ. என்று வைத்திருக்கிறேன். மரச்சட்டத்துக்கு அதே ஸ்க்ரூவை அடித்தால் டிரில் முனை மரத்தை அகலமாகக் குடைந்துவிடும், மரை நெருக்கமாக இருப்பதால் பிடிப்பும் வராது. மரத்துக்குக் கூர்முனையும் இடைவெளி விட்ட மரையும் உள்ள ஸ்க்ரூ வேண்டும், குறைந்தது 40 மி.மீ. மரத்துக்குள் இறங்க வேண்டும். அப்படியானால் அதன் நீளம் 130 மி.மீ. அளவுக்குப் போகும். சட்டத்தின் உயரம் அதைத் தாங்குமா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் கூர்முனை அறைக்குள் எட்டிப் பார்க்கும்.

எண்ணிக்கையை இப்படிக் கணக்குப் போடலாம். உங்கள் சரிவில் நாலு பர்லின் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்: முகட்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி முதல் பர்லின், அப்புறம் 1.4 மீட்டர் இடைவெளியில் மூன்று, அதற்கு வெளியே 45 செ.மீ. நீட்டல். காற்று கூரையைத் தூக்கும் விசை ஓரங்களில்தான் அதிகம். அதனால் மேல், கீழ் பர்லின்களில் ஒரு பேனலுக்கு மூன்று ஸ்க்ரூ, நடுவில் உள்ள இரண்டிலும் இரண்டிரண்டு. ஆக ஒரு பேனலுக்கு 10. இரும்புப் பகுதியில் 24 பேனல், 240 ஸ்க்ரூ. மரப் பகுதியில் 12 பேனல், 120 ஸ்க்ரூ. உடைவது, கீழே விழுந்து புல்லில் மறைவது என்று பத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டடம் பள்ளத்தாக்கைப் பார்த்த விளிம்பில் இருந்தால் அதையும் எழுதி, காற்றுக்கு இந்த எண்ணிக்கை போதுமா என்று அவர்களையே உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். பேனல் பழைய சிமென்ட் ஷீட்டை விட லேசானது, சதுர மீட்டருக்குப் பத்து கிலோ அளவுதான். கூரையைச் சுமக்கும் ட்ரஸ்ஸுக்கு அது நிம்மதி, ஆனால் காற்று தூக்கும்போது கூரையின் எடை துணைக்கு வராது, ஸ்க்ரூ மட்டும்தான் பிடித்துக்கொள்ளும்.

பர்லினில் அடிக்கும் ஸ்க்ரூவைத் தவிர, ஒரு பேனல் இன்னொன்றின் மேல் ஏறும் மேட்டில் இரண்டையும் தைக்கும் சின்ன ஸ்க்ரூ உண்டு, ஸ்டிச்சிங் ஸ்க்ரூ என்பார்கள். அரை மீட்டருக்கு ஒன்று என்றால் ஒரு இணைப்புக்குப் பத்து, 34 இணைப்புக்கு 340. இதைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். அந்த மேட்டுக்கு அடியில் நீளவாக்கில் பியூட்டைல் டேப் ஒட்டவும் வேண்டும். அது மழைக்கு மட்டுமல்ல. அறையில் ஆள் தூங்கி, வெந்நீரில் குளித்து எழும்பும் ஈரக் காற்று இணைப்பு வழியே ஏறி, இரவில் சில்லிட்டுக் கிடக்கும் மேல் தகட்டின் அடியில் பட்டால் நீராகிச் சொட்டும். மழையே இல்லாத ஜனவரிக் காலையில் கூரை ஒழுகுகிறது என்று விருந்தினர் சொன்னால், இணைப்பு வரிசையில் மட்டும் சொட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் காரணம் இதுதான்.

கடைசியாக ஓரங்கள். முகட்டில் மேலே ஒரு மூடி, உள்ளே அறையிலிருந்து தெரியும் பக்கம் ஒரு மூடி, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப ஃபோம். மேல் மூடிக்கும் பேனலின் பள்ளங்களுக்கும் இடையே பல் வடிவ ஃபோம் அடைப்பு. கூரையின் கீழ் ஓரத்தில், வெட்டுப்பட்ட ஃபோம் வெளியே தெரியாதபடி மூடும் தகடு. முக்கோணச் சுவர்ப் பக்கம் இரண்டிலும் ஓரத் தகடு. கீழ் ஓரத்தை மூடாமல் விட்டால் எலியும் அணிலும் ஃபோமைக் குடைந்து உள்ளே குடியிருக்கும், எறும்பு அதற்கு முன்பே வந்துவிடும். இதையெல்லாம் மீட்டர் கணக்கில் எழுதினால் யாரும் தவறவிட முடியாது.

இவ்வளவையும் சேர்த்தால் மெயில் இப்படி வரும். உங்கள் அளவுகளை ஒருமுறை சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருள்: ஏற்காடு கெஸ்ட் ஹவுஸ் கூரைக்கு 50 மி.மீ. பஃப் பேனல், ஸ்க்ரூ, ஓரத் தகடுகள் – விலைப்பட்டியல் வேண்டி

ஐயா, வணக்கம்.

ஏற்காட்டில் எங்கள் கெஸ்ட் ஹவுஸின் பழைய சிமென்ட் ஷீட் கூரையை மாற்ற இருக்கிறோம். கூரையின் கைவரைபடமும் பர்லின்களின் படங்களும் இணைத்துள்ளேன். பழைய ஷீட்டை இறக்குவதும் மரச்சட்டம் சரிசெய்வதும் எங்கள் பொறுப்பு, அதை விலையில் சேர்க்க வேண்டாம்.

கீழ்க்கண்டவற்றுக்கு ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக விலை தரவும்.

1. கூரைப் பேனல், மூடும் அகலம் 1,000 மி.மீ., நீளம் 4.8 மீட்டர் ஒரே துண்டு, 36 எண்ணிக்கை. பள்ளத்தில் தடிமன் 50 மி.மீ. பாலியூரித்தேன் ஃபோம், அடர்த்தி 40 கிலோ. மேல் தகடு 0.50, கீழ்த் தகடு 0.40 மி.மீ. (பூச்சு சேர்த்து), கால்வால்யூம் ஏஇசட் 150. வெறும் இரும்பின் தடிமன், பெயின்ட் வகை, கையிருப்பில் உள்ள நிறங்கள் ஆகியவற்றைக் குறிப்பிடவும். மூடும் அகலம் வேறாக இருந்தால் அதற்கேற்ற எண்ணிக்கையைச் சொல்லவும்.

2. இரும்பு பர்லினுக்கு (50 x 50 சதுரக் குழாய், சுவர் 2 மி.மீ.) மேட்டில் அடிக்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, ஈபிடிஎம் ரப்பர் வாஷர், மேட்டின் மேல் உட்காரும் சேடில் வாஷருடன், 265 எண்ணிக்கை. நீளத்தைக் கணக்கிட்டுக் குறிப்பிடவும்.

3. மரச்சட்டத்துக்கு ஏற்ற கூர்முனை ஸ்க்ரூ, அதே வாஷர்களுடன், 132 எண்ணிக்கை. மரத்துக்குள் குறைந்தது 40 மி.மீ. இறங்க வேண்டும்.

4. ஸ்டிச்சிங் ஸ்க்ரூ 375 எண்ணிக்கை. எல்லாப் பக்க இணைப்புக்கும் பியூட்டைல் டேப், சுமார் 170 மீட்டர்.

5. முகட்டு மூடி மேலும் உள்ளும் தலா 18 மீட்டர், நடுவில் ஃபோம் நிரப்பு. பல் வடிவ அடைப்பு 36 மீட்டர். கீழ் ஓர மூடுதகடு 36 மீட்டர். முக்கோணச் சுவர்ப் பக்க ஓரத் தகடு சுமார் 20 மீட்டர். இவற்றைப் பொருத்தும் ஸ்க்ரூவையும் சேர்க்கவும். தகடுகள் பேனலின் மேல் தகட்டோடு ஒரே தடிமன், பூச்சு, நிறத்தில் இருக்க வேண்டும்.

6. ஏற்காடு வரை வண்டி வாடகை. எந்த அளவு வண்டி, எத்தனை லோடு என்று சொல்லவும். இறக்கும் ஆள் எங்களுடையது.

7. மாற்று விலை: 6 பேனல்களுக்கு மட்டும் பிஐஆர் ஃபோம்.

8. பொருத்தும் கூலி தனியாக. வெட்டும்போது கிரைண்டர் பயன்படுத்தக் கூடாது.

ஜிஎஸ்டியைத் தனி வரியாகக் காட்டவும். விலை எத்தனை நாள் செல்லும், முன்பணம் எவ்வளவு, ஆர்டர் கொடுத்து எத்தனை நாளில் பொருள் வரும், வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதையும் தெரிவிக்கவும். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் பேனல் மாதிரியும் மேற்சொன்ன ஸ்க்ரூ ஒவ்வொன்றிலும் ஒன்றும் அனுப்பினால் உதவியாக இருக்கும். இந்தக் குறிப்பிலிருந்து எதையாவது மாற்றி விலை தந்தால், எதை மாற்றினீர்கள் என்று எழுதவும்.

நன்றி.
(பெயர், கெஸ்ட் ஹவுஸ் முகவரி, கைப்பேசி எண்)

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சப்ளையர் வேறு பொருளைப் பரிந்துரைப்பதில் தப்பில்லை, சில நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் மாற்றியதைச் சொல்லியாக வேண்டும்.

கிரைண்டர் எதற்கு என்று கேட்கலாம். அதன் சூடு வெட்டு விளிம்பில் பூச்சைக் கருக்கிவிடும், தெறிக்கும் பொறி தகட்டில் ஒட்டி இரண்டு மழையில் துருப்புள்ளியாக மாறும். ஜிக்சாவோ நிப்ளரோ போதும். ஸ்க்ரூ அடித்த இரும்புத் தூளையும் அன்று மாலையே பெருக்கி எடுக்க வேண்டும்.

பழைய ஷீட்டை இறக்குவதை உங்கள் பொறுப்பு என்று பிரித்து எழுதியதற்கும் காரணம் உண்டு. அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஷீட்டாகத்தான் இருக்கும். பேனல் போடுகிறவர்களிடம் விட்டால் சுத்தியலால் உடைத்துத் தள்ளுவார்கள். ஷீட்டை நனைத்து, ஜே போல்ட்டை வெட்டி, முழுதாக இறக்க வேண்டும். ஆள் ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டு நடக்க வேண்டும். மட்கிய ஷீட் சொல்லாமல் உடையும்.

வண்டியைப் பற்றி ஒன்று. 4.8 மீட்டர் பேனல் 17 அடி வண்டியில் படுக்கும், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவிடும். முழுச் சரக்கும் இரண்டு டன்கூட வராது, ஆனால் இடம் அடைக்கும், அதனால்தான் எத்தனை லோடு என்று கேட்பது. இரண்டு லோடு வாடகையைப் பிறகு சேர்த்தால் மலிவான விலை மலிவாக இருக்காது. உங்கள் கேட்டிலிருந்து கட்டடம் வரை வண்டி வருமா என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். ஒரு பேனல் 50 கிலோ அளவுக்கு இருக்கும், நாலு பேர் சுமந்து வரலாம். நடுவில் வளையாமல் பிடிக்க வேண்டும்.

பதில்கள் வந்ததும் ஒரு தாளில் எட்டு வரி போட்டு, ஆளுக்கு ஒரு பத்தியாக எண்ணை நிரப்புங்கள். ஜிஎஸ்டியும் வாடகையும் சேர்த்த கடைசித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். எங்கே கட்டம் காலியாக இருக்கிறதோ அங்கே ஃபோன் போட்டுக் கேளுங்கள், பிறகு மெயிலிலும் எழுதி வாங்குங்கள். ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட நன்றாகக் குறைத்திருந்தால் முதலில் கீழ்த் தகட்டையும் ஃபோம் அடர்த்தியையும் பாருங்கள். குறைப்பதற்கு வசதியான இடங்கள் அவை இரண்டும்தான், முடிந்த பிறகு வெளியே தெரியாது.

அடர்த்தியை நீங்களே சோதிக்கலாம். மாதிரியிலிருந்து தகட்டைப் பிரித்து, ஃபோமை 10 செ.மீ.க்கு 10 செ.மீ., 5 செ.மீ. தடிமனில் நேராக வெட்டி, கிராம் காட்டும் தராசில் வையுங்கள். கன மீட்டருக்கு 40 கிலோ என்றால் அந்தத் துண்டு 20 கிராம் இருக்க வேண்டும். ஒரு கிராம் முன்பின் பரவாயில்லை. 16, 17 என்று வந்தால் அடர்த்தி குறைவு. தகட்டின் தடிமனுக்கு லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் இருக்கும், வெட்டு விளிம்பின் பிசிறைத் தவிர்த்துக் கொஞ்சம் உள்ளே அளக்கச் சொல்லுங்கள். தகட்டைப் பிரிக்கும்போது ஃபோம் தகட்டில் ஒட்டிக்கொண்டு கிழிந்தால் ஒட்டுதல் நல்லது. வழவழவென்று சுத்தமாக உரிந்து வந்தால் அந்தப் பேனல் வேண்டாம், வெயிலில் தகடு உப்பிக்கொண்டு பிரியும்.

வேலை நடக்கும்போது வாஷரைப் பார்த்தால் போதும். ரப்பர் உலோகத் தொப்பிக்கு வெளியே பிதுங்கி நின்றால் ஸ்க்ரூவை அதிகமாக முறுக்கிவிட்டார்கள், வாஷர் விரலால் சுற்றினால் சுழன்றால் போதவில்லை. உள்ளே இருந்தும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், பர்லினைத் தவறவிட்டு அடித்த ஸ்க்ரூ கீழ்த் தகட்டைத் துளைத்துக்கொண்டு தெரியும். அதைக் கழற்றிவிட்டு ஓட்டையில் சிலிக்கான் பூசுவார்கள். ஒன்றிரண்டு என்றால் சரி. வரிசையாகத் தவறியிருந்தால் நூல் கட்டிக் குறிக்காமல் அடித்திருக்கிறார்கள் என்று பொருள், வேலையை நிறுத்திப் பேச வேண்டியதுதான். தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தைப் போட்ட கையோடு உரிக்கச் சொல்லுங்கள். வெயிலில் சில வாரம் கிடந்தால் உரிக்கவே வராது.